‘விட’ எந்தப் பக்கம் நிற்கிறது?
பாசிர் கூடாங்கில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்



என் கையில் இரண்டு காகிதத் துண்டுகள் இருக்கின்றன. இரண்டையும் படிக்கிறேன், சற்றுக் கவனமாகக் கேளுங்கள்.

முதல் துண்டு: “ராஜாவின் பட்டத்து நூல் 84 மீட்டர். அது கலாவின் நூலைவிட 6 மீட்டர் அதிகம். கலாவின் நூல் எத்தனை மீட்டர்?”

இரண்டாம் துண்டு: “ராஜாவின் பட்டத்து நூல் 84 மீட்டர். கலாவின் நூல் அதைவிட 6 மீட்டர் அதிகம். கலாவின் நூல் எத்தனை மீட்டர்?”

முதல் கணக்கின் விடை 78. இரண்டாவதன் விடை 90. இரண்டிலும் அதே ராஜா, அதே கலா, அதே 84, அதே 6. ‘அதிகம்’ என்ற சொல்லும் இரண்டிலும் அதே இடத்தில் நிற்கிறது. மாறியிருப்பது ஒன்றுதான்: ‘விட’ என்ற சொல் முதல் துண்டில் கலாவின் நூலோடு ஒட்டியிருக்கிறது, இரண்டாவதில் ராஜாவின் நூலோடு ஒட்டியிருக்கிறது. ஐந்தாம் ஆண்டு மாணவர் ஒருவர் இதைக் கவனிக்கிறாரா, இல்லையா? இன்று நான் பேசப்போவது அதைப் பற்றித்தான்.

இந்த வட்டாரத்தில் நான்காம், ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு நெடுங்காலம் கணிதம் கற்பித்திருக்கிறேன். நம் பள்ளிகளில் இத்தகைய கணக்கைப் பிரச்சனைக் கணக்கு என்கிறோம். ஒரு தாளில் எட்டுப் பத்துப் பிரச்சனைக் கணக்குகளைக் கொடுத்து, “தீர்க்க வேண்டாம், வகை மட்டும் பிரியுங்கள்” என்று சொல்லும் ஒரு பயிற்சி உண்டு. பார்ப்பதற்கு எளிய பயிற்சி. ஆனால் தாளைத் தவறாகத் தயாரித்தால், எந்தப் பிழையைப் போக்க நினைக்கிறோமோ அதே பிழையை இந்தப் பயிற்சியே வளர்த்துவிடும். நான் பல ஆண்டுகள் அப்படித்தான் வளர்த்தேன்.

என் வகுப்பறைச் சுவரில் ஓர் அட்டவணை தொங்கியது. ‘மொத்தம், அதிகம், பெற்றான்’ என்றால் சேர்த்தல். ‘மீதம், குறைவு, கொடுத்தான்’ என்றால் கழித்தல். ‘ஒவ்வொரு, தலா, மடங்கு’ என்றால் பெருக்கல். ‘பகிர்ந்து, சமமாக’ என்றால் வகுத்தல். 2003-இல் தொடங்கிய திட்டத்தின்படி கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டபோது இதே போன்ற பட்டியலை ஆங்கிலத்தில் எழுதி மாட்டினேன். பாடம் தமிழுக்குத் திரும்பியபோது அதையே மொழிபெயர்த்து மாட்டினேன். மாணவர்கள் அதை மனப்பாடம் செய்தார்கள். கணக்கில் அந்தச் சொல்லைத் தேடி வட்டமிட்டார்கள், எண்களுக்கு அடியில் கோடிட்டார்கள், செய்து முடித்தார்கள். பாதிக்கு மேல் சரியாகவும் வந்தது. அதுதான் ஆபத்து. பாதி சரியாக வரும் வழியை எந்தப் பிள்ளையும் கைவிடாது.

அந்த அட்டவணையை மொழிபெயர்த்தபோது நான் கவனிக்காதது ஒன்று உண்டு. தமிழில் யாருக்கு, யாரிடமிருந்து, யாரைவிட என்ற செய்தி பெரும்பாலும் சொல்லின் வாலில் இருக்கிறது. ‘ரவியிடம்’, ‘ரவியிடமிருந்து’, ‘ரவிக்கு’, ‘ரவியைவிட’ ஆகிய நான்கிலும் ரவி அதே ரவிதான். கணக்கு மட்டும் நான்கு வேறு திசைகளில் போகிறது. சுவரில் தொங்கும் பட்டியலில் இந்த வால்களுக்கு இடமில்லை. அது முழுச் சொற்களை மட்டுமே காட்டும். அந்தப் பட்டியலை நம்பிய பிள்ளை, வாக்கியத்தின் மிக முக்கியமான உறுப்பைப் பார்க்காமலே கடந்து போகப் பழகிவிடுகிறது.

இது தமிழ்ப்பிள்ளைகளுக்கு மட்டும் உரிய குறை என்று யாரும் நினைக்க வேண்டாம். 1987-இல் அமெரிக்காவில் லூயிஸ், மேயர் என்ற இரு ஆய்வாளர்கள் பல்கலைக்கழக மாணவர்களுக்கே இத்தகைய ஒப்பீட்டுக் கணக்குகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். வாக்கியத்தில் உள்ள சொல் ஒரு செயலையும், கணக்கு அதற்கு நேரெதிரான செயலையும் கேட்கும்போது அந்த மாணவர்களும் செயலைத் தலைகீழாக மாற்றிச் செய்தார்கள். பிறகு 1995-இல் ஹெகார்ட்டி, மேயர், மங்க் ஆகிய மூவரும், கணக்கைப் படிக்கும்போது கண் எங்கே திரும்பத் திரும்பப் போகிறது என்று கருவி வைத்து ஆராய்ந்தார்கள். அடிக்கடி தவறு செய்தவர்களின் கண்கள் எண்களுக்கும் ‘அதிகம்’, ‘குறைவு’ போன்ற சொற்களுக்கும் ஓடின. சரியாகச் செய்தவர்களின் கண்கள் பெயர்களுக்குத் திரும்பின. எந்தக் கடை, எந்தப் பொருள், யாருடையது என்று பார்த்தன. நம் பட்டங்களின் மொழியில் சொன்னால், தடுமாறுபவர் 84-ஐயும் 6-ஐயும் ‘அதிகம்’ என்பதையும் பார்க்கிறார். தெளிந்தவர் ராஜாவையும் கலாவையும் பார்க்கிறார். இதைப் படித்த அன்று சுவரில் இருந்த அட்டவணையைக் கழற்றினேன்.

கழற்றுவது எளிது. அந்த இடத்தில் எதை வைப்பது?

பிரச்சனைக் கணக்குகளைப் பிரிக்கச் சொன்னால் மாணவர்கள் எதை வைத்துப் பிரிக்கிறார்கள் என்பதை எட்வர்ட் சில்வர் என்பவர் ஆராய்ந்து 1979-இல் வெளியிட்டார். அவருடைய எட்டாம் வகுப்பு மாணவர்களில் சிலர் கணக்கின் உள்ளமைப்பைப் பார்த்துப் பிரித்தார்கள். மற்றவர்கள் கதையில் வரும் பொருளைப் பார்த்தார்கள், அல்லது கேள்வியின் வடிவத்தைப் பார்த்தார்கள், அல்லது ‘இவை எல்லாம் வயதுக் கணக்கு’ என்பதுபோல அளக்கப்படும் அளவைப் பார்த்தார்கள். பொருளை வைத்துப் பிரிப்பதைத் தவறு என்று நான் இகழ மாட்டேன். நம் காரி நாயனாரின் கணக்கதிகாரமே நிலம், பொன், நெல், அரிசி என்று அளக்கும் பொருளை வைத்துத்தான் கணக்குகளை வகுத்திருக்கிறது. நிலம் அளப்பவருக்கும் நெல் அளப்பவருக்கும் அதுவே பயன்படும் முறை. அவரவர் தொழிலில் எந்தச் செயல் என்பது கேள்வியாகவே இருக்காது. ஆனால் பள்ளிப் பிள்ளைக்கு அதுதான் கேள்வி. நம் பாடநூலும் பணம், நேரம், நீட்டலளவை என்றே பிரிந்திருக்கிறது. பெருக்கல் பாடத்தின் இறுதியில் வரும் பிரச்சனைக் கணக்குகள் பெரும்பாலும் பெருக்கலாகவே இருப்பதால், பக்கத்தின் தலைப்பைப் பார்த்தாலே செயல் தெரிந்துவிடுகிறது. கணக்கைப் படிக்க வேண்டிய தேவையே அங்கு எழுவதில்லை.

ஆகவே தாள் கலந்திருக்க வேண்டும். தலைப்பு இருக்கக் கூடாது. கூடவே இன்னொன்று: எண்களும் செயலைக் காட்டிக்கொடுக்கக் கூடாது. பிள்ளைகள் கணக்கை எப்படித் தீர்க்கிறார்கள் என்று ஆராய்ந்த லேரி சௌடர் 1988-இல் அவர்களுடைய உத்திகளைப் பட்டியலிட்டார். அவற்றுள் ஒன்று, எண்களைப் பார்த்தே செயலை முடிவுசெய்வது. 84-உம் 78-உம் வந்தால் கழி. 84-உம் 6-உம் வந்தால் வகு, ஏனென்றால் மீதியில்லாமல் போகிறது. இந்த உத்தியைச் செயலிழக்கச் செய்ய ஒரே வழிதான் எனக்குத் தெரிந்தது. தாளில் உள்ள எல்லாக் கணக்கிலும் ஒரே இரண்டு எண்களை வைப்பது. நான் 84, 6 என்பவற்றை எடுத்துக்கொண்டேன். கூட்டினால் 90, கழித்தால் 78, பெருக்கினால் 504, வகுத்தால் 14. எந்த விடையும் பார்த்தவுடன் அபத்தமாகத் தோன்றாது.

கதைக்களம் பட்டம். 1995 முதல் நம் ஊரில் உலகப் பட்டத் திருவிழா நடந்து வருகிறது. புக்கிட் லாயாங் லாயாங்கில் நூலைப் பிடித்துக்கொண்டு நிற்காத பிள்ளை இங்கே குறைவு. நூல் நீளம் என்றால் என்ன, கடையில் பட்டம் விற்றால் என்ன ஆகும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. மனத்தில் படம் தானாக எழ வேண்டும் என்பதற்காகவே தெரிந்த களத்தைத் தேர்ந்தெடுத்தேன். தாளில் இருந்த எட்டுக் கணக்குகள் இவை:

அ. ராஜாவின் பட்டத்து நூல் 84 மீட்டர். அது கலாவின் நூலைவிட 6 மீட்டர் அதிகம். கலாவின் நூல் எத்தனை மீட்டர்?

ஆ. ராஜாவின் பட்டத்து நூல் 84 மீட்டர். கலாவின் நூல் அதைவிட 6 மீட்டர் அதிகம். கலாவின் நூல் எத்தனை மீட்டர்?

இ. 84 மீட்டர் நூலை 6 மீட்டர் நீளமுள்ள துண்டுகளாக வெட்டினர். எத்தனை துண்டுகள் கிடைத்தன?

ஈ. கடையில் 84 நூல் சுருள்கள் உள்ளன. ஒவ்வொரு சுருளிலும் 6 மீட்டர் நூல். எல்லாம் சேர்ந்து எத்தனை மீட்டர்?

உ. காலையில் 6 பட்டங்கள் விற்றது போக, கடையில் 84 பட்டங்கள் மீதம் இருந்தன. கடை திறந்தபோது எத்தனை பட்டங்கள் இருந்தன?

ஊ. ராஜாவின் பட்டம் 84 ரிங்கிட். அது கலாவின் பட்டத்தின் விலையைப்போல் 6 மடங்கு. கலாவின் பட்டம் எத்தனை ரிங்கிட்?

எ. திடலில் 84 பெரியவர்களும் 6 சிறுவர்களும் பட்டம் விடுகிறார்கள். பட்டக் கடைக்காரரின் வயது என்ன?

ஏ. கடையில் 84 பட்டங்கள் இருந்தன. மாலையில் 6 பட்டங்களே மீதம். எத்தனை பட்டங்கள் விற்றன?

தாளைத் துண்டு துண்டாக வெட்டி ஓர் உறையில் போட்டு, மூவர் கொண்ட குழுவுக்கு ஓர் உறை கொடுத்தேன். எழுதுகோல் மேசையில் இருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. எழுதுகோல் இருந்தால் கை தானாகக் கணக்குப் போடத் தொடங்கிவிடும், விடை வந்தபின் காரணம் தேடுவார்கள். ஒரு துண்டைப் பெட்டியில் வைப்பவர் ஏன் அங்கே வைக்கிறார் என்று மற்ற இருவருக்கும் சொல்ல வேண்டும். மூவரும் ஒப்பினால்தான் துண்டு அங்கே தங்கும்.

முதல் முறை நான் வைத்த பெட்டிகளின் பெயர்கள் சேர்த்தல், கழித்தல், பெருக்கல், வகுத்தல். அது சரிப்படவில்லை. ஏ துண்டைப் பற்றி ஒரு குழுவில் சண்டை வந்தது. 84-இலிருந்து 6-ஐக் கழிக்க வேண்டும் என்றான் ஒருவன். இல்லை, 6-உடன் எத்தனை சேர்த்தால் 84 வரும் என்று பார்க்க வேண்டும் என்றாள் இன்னொருத்தி. இருவரும் சரி. இ துண்டை 6 மீட்டர், 6 மீட்டராகக் கழித்துக்கொண்டே போகலாம் என்றான் மூன்றாமவன். அவனும் சரி. ஒரே கதையை இரண்டு செயல்களால் தீர்க்கலாம் என்னும்போது, செயலின் பெயரைப் பெட்டிக்கு வைத்து ஒன்றை மட்டும் சரி என்று நான் எப்படிச் சொல்வேன்? அங்கேதான் எனக்கு உறைத்தது. பிள்ளைகள் முதலில் பிரிக்க வேண்டியது செயலை அல்ல, கதையை.

கதைகளை இப்படி வகுப்பது என் கண்டுபிடிப்பு அல்ல. 1983-இல் ரைலி, கிரீனோ, ஹெல்லர் ஆகியோர் சேர்த்தல், கழித்தல் கணக்குகளை மாற்றம், இணைப்பு, ஒப்பீடு என்று பிரித்துக் காட்டினார்கள். எது பிள்ளைக்கு எளிது, எது கடினம் என்பது செயலைவிட இந்தக் கதை வகையையும், தெரியாத எண் கதையில் எங்கே ஒளிந்திருக்கிறது என்பதையும் பொறுத்தது என்பது அவர்கள் வாதம். நான் மேல்நிலைப் பிள்ளைகளுக்காக அதைச் சற்று மாற்றிக்கொண்டேன். முதல் பெட்டி மாற்றக் கதை: ஒன்று இருந்தது, ஏதோ நடந்தது, இப்போது இவ்வளவு. இரண்டாம் பெட்டி ஒப்பீட்டுக் கதை: எதுவும் நடக்கவில்லை, இரண்டு அளவுகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. மூன்றாவது சமக் குழுக் கதை: ஒரே அளவுள்ள பல கூறுகள். நான்காவது பெட்டிக்குப் ‘போதாது’ என்று பெயர். இணைப்புக் கதைக்குத் தனிப் பெட்டி வைக்கவில்லை. இந்த வயதில் அதில் தடுமாறுவோர் குறைவு.

இப்போது துண்டுகள் எங்கே விழுகின்றன என்று பாருங்கள். உ, ஏ இரண்டும் மாற்றக் கதை. இ, ஈ சமக் குழு. அ, ஆ, ஊ மூன்றும் ஒப்பீடு. ஊ துண்டில் ‘மடங்கு’ இருப்பதால் பலர் அதைச் சமக் குழுவில் வைக்கப் பார்ப்பார்கள். ராஜாவின் பட்டமும் கலாவின் பட்டமும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன, யாருடையது விலை கூட என்று கேட்டால் போதும், துண்டு அ-வுக்கு அருகில் வந்துவிடும். எ துண்டு நான்காம் பெட்டிக்கு உரியது. இதன் மூலம் பிரெஞ்சு நாட்டுக் கணக்கு ஒன்று. கப்பலில் 26 செம்மறியாடுகளும் 10 வெள்ளாடுகளும் உள்ளன, கப்பல் தலைவரின் வயது என்ன என்று 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கிரெனோபிள் ஆய்வுக் குழு ஒன்று தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளைக் கேட்டது. பெரும்பாலோர் அந்த எண்களைக் கொண்டே ஒரு வயதைச் சொன்னார்கள். என் வகுப்பிலும் கடைக்காரருக்கு 90 வயது என்று சொல்லத் தயாரான பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களுக்கு அறிவு குறைவு என்று எண்ணாதீர்கள். கணக்கு என்று கொடுத்தால் அதற்கு விடை உண்டு என்று நாம்தான் அவர்களை நம்ப வைத்திருக்கிறோம்.

கதை பிரிந்தபின் இரண்டாம் படி. கதையில் வெற்றிடம் எங்கே என்று கேட்க வேண்டும். இந்தப் படியில்தான் ஒளிந்திருக்கும் செயல் வெளியே வரும்.

உ துண்டை எடுத்துக்கொள்வோம். நம் மொழியின் அழகும் பிள்ளையின் இடறலும் ஒரே இடத்தில் இருக்கும் துண்டு இது. ‘6 பட்டங்கள் விற்றது போக’ என்கிறது. ‘போக’ என்ற சொல்லைக் கேட்டால் கடையில் கணக்குப் பார்க்கும் யாருக்கும் கழித்தல்தான் நினைவுக்கு வரும். அடுத்தே ‘மீதம்’ வேறு வருகிறது. இரண்டு சொற்களும் கழித்தல் என்று கூவுகின்றன. கதையிலும் கழித்தல் உண்மையாகவே நடந்தது, கடையிலிருந்து 6 பட்டங்கள் போய்விட்டன. ஆனால் அது நடந்து முடிந்த பிறகுதான் வாக்கியம் நம்மிடம் வந்து சேர்கிறது. நம்மிடம் இருப்பது நடந்ததும் முடிவும், இல்லாதது தொடக்கம். போனதைத் திரும்பக் கொண்டுவந்து வைத்தால்தான் தொடக்கம் தெரியும். ஆகவே 84-உம் 6-உம் சேர்ந்து 90. கதையில் நடந்த செயல் ஒன்று, நாம் செய்ய வேண்டிய செயல் இன்னொன்று. இந்த வேறுபாட்டைப் பிள்ளைகளிடம் இப்படித்தான் சொல்வேன்: “கடைக்காரர் செய்தது கழித்தல். நீ அவருக்குப் பின்னால் போய்ப் பார்ப்பவன். நீ செய்வது என்ன?”

இதை விளங்கிக்கொண்ட பிள்ளைக்கு ஏ துண்டு தானாக விளங்கிவிடும். தொடக்கமும் முடிவும் தெரியும், நடுவில் நடந்ததுதான் வெற்றிடம். ஒப்பீட்டுக் கதையில் வெற்றிடத்தைக் கேட்கும் முறை வேறு. “இருவரில் பெரியது யாருடையது?” என்பதை முதலில் கேட்க வேண்டும். அ துண்டில் பெரியது ராஜாவின் நூல். தெரியாதது சிறியது, அதனால் விடை 84-க்குக் கீழே இருக்க வேண்டும். ஊ துண்டிலும் பெரியது ராஜாவின் விலை, விடை கீழே. முன்னதில் கழித்தல், பின்னதில் வகுத்தல், ஆனால் திசை ஒன்றே. சமக் குழுவில் மொத்தம் தெரியாவிட்டால் பெருக்கல். மொத்தம் தெரிந்து மற்ற இரண்டில் ஒன்று தெரியாவிட்டால் வகுத்தல்.

திசையைக் கண்ணால் காண ஒரு துணை வேண்டும். ஜொகூர் நீரிணைக்கு அக்கரையில், சிங்கப்பூரில், 1980-களில் கோ டெக் ஹொங் தலைமையில் பாடத்திட்டக் குழுவினர் பட்டைகள் வரைந்து கணக்கை விளக்கும் முறையைத் தொடக்கப்பள்ளிகளில் புகுத்தினார்கள். அதைப் பின்பற்றி, துண்டைப் பெட்டியில் வைத்த பிறகு எழுதுகோலைக் கொடுத்து, அதன் முதுகில் இரண்டு பட்டைகள் மட்டும் வரையச் சொல்கிறேன், எண் எழுதாமல். அ துண்டின் முதுகில் ராஜாவின் பட்டை நீளமாகவும் கலாவின் பட்டை குட்டையாகவும் இருக்க வேண்டும். கலாவின் பட்டை நீளமாக இருந்தால் ‘விட’ எந்தப் பக்கம் நிற்கிறது என்று அந்தப் பிள்ளை பார்க்கவில்லை. நான் எதையும் விளக்காமல், “இன்னொரு முறை உரக்கப் படி” என்று மட்டும் சொல்வேன். பலருக்கு அதுவே போதும்.

இந்தத் தாளின் பயன் பிரிப்பதில் மட்டும் இல்லை. பிள்ளை எந்த வழியில் போகிறது என்பதைத் தாள் ஆசிரியருக்குக் காட்டிக்கொடுக்கும். பெட்டிகள் முடிந்ததும் ஒவ்வொரு துண்டுக்கும் எந்தச் செயல் என்று கேட்கிறேன். அ-வுக்குச் சேர்த்தல், உ-வுக்குக் கழித்தல், ஊ-வுக்குப் பெருக்கல் என்று மூன்றும் ஒன்றாகத் தவறி, ஆ, ஈ, ஏ மூன்றும் சரியாக வந்தால், அந்தப் பிள்ளை சொல்லைப் பிடித்துக்கொண்டு போகிறது. பழைய அட்டவணை சுவரில் இல்லை, மனத்தில் இருக்கிறது. பெரும்பாலான துண்டுகளுக்கு வகுத்தல் என்று வந்தால் அது எண்களை மட்டும் பார்க்கிறது. தவறுகள் எந்த ஒழுங்குமின்றிச் சிதறிக் கிடந்தால் வேறொன்றைச் சோதிக்க வேண்டும். துண்டுகளை நானே அந்தப் பிள்ளைக்கு மெதுவாகப் படித்துக் காட்டுவேன். காதால் கேட்டு மளமளவென்று சரியாகப் பிரித்தால் குறை கணிதத்தில் இல்லை, வாசிப்பில் இருக்கிறது. அந்தப் பிள்ளைக்குக் கூடுதல் கணக்குகளைக் கொடுப்பது வீண். தமிழாசிரியரோடு அமர்ந்து பேச வேண்டும்.

சந்தேகம் தீராவிட்டால் இன்னொரு சோதனை உண்டு. எண்களின் மேல் தாள் ஒட்டி மறைத்துவிட்டு அதே எட்டையும் பிரிக்கச் சொல்வது. “ராஜாவின் நூல் இத்தனை மீட்டர். அது கலாவின் நூலைவிடச் சில மீட்டர் அதிகம்.” எண் இல்லாமல் பிரிக்க முடிகிறது என்றால் பிள்ளை கதையைப் படிக்கிறது. “எண்ணே இல்லையே, எப்படிச் செய்வது?” என்று கை விரித்தால் இதுவரை எதைப் படித்துக்கொண்டிருந்தது என்பது நமக்குத் தெரிந்துவிடும்.

இனி இந்த முறை எட்டாத இடங்களைச் சொல்ல வேண்டும். ஆறாம் ஆண்டில் வரும் கணக்குகள் பெரும்பாலும் ஒரு படியோடு நிற்பதில்லை. “ராஜாவிடம் 84 ரிங்கிட் உள்ளது. அது கலாவிடம் உள்ளதைவிட 6 ரிங்கிட் அதிகம். இருவரிடமும் மொத்தம் எவ்வளவு?” இதை எந்தப் பெட்டியில் வைப்பது? ‘அதிகம்’, ‘மொத்தம்’ இரண்டையும் பார்த்துவிட்டு 90 என்று எழுதுவோரே மிகுதி. முதலில் நான் இத்தகைய துண்டுகளைத் தாளிலிருந்து விலக்கி வைத்தேன். பிறகு ஒரு வழி கிடைத்தது. கத்தரிக்கோலைக் கையில் கொடுத்து, இந்தக் கணக்கு இரண்டு கதைகள் என்றால் எங்கே வெட்டுவீர்கள் என்று கேட்டேன். ‘அதிகம்’ என்ற சொல்லுக்குப் பின்னால் வெட்டினார்கள். சரியான இடம். ஆனால் வெட்டியவுடன் முதல் பாதிக்குக் கேள்வியே இல்லை என்பதைக் கண்டார்கள். கலாவிடம் எவ்வளவு என்று அந்தத் தாளில் யாரும் கேட்கவில்லை. அந்தக் கேள்வியைத் துண்டின் முனையில் பிள்ளைகளே எழுத வேண்டும். எழுதிய பின் முதல் பாதி ஒப்பீட்டுப் பெட்டிக்குப் போகிறது, விடை 78. இரண்டாம் பாதிக்கு 84-உம் 78-உம் சேர்ந்து 162. இருபடிக் கணக்கில் பிள்ளைகள் இடறுவது கணிப்பதில் அல்ல, எழுதப்படாத அந்த நடுக் கேள்வியைத் தாமே எழுப்பிக்கொள்வதில் என்பது என் அனுபவம்.

விழுக்காடு வந்தால் என் பெட்டிகள் தள்ளாடுகின்றன. 84 ரிங்கிட் பட்டத்துக்கு 25 விழுக்காடு கழிவு என்பதை ஒப்பீடு என்று சொன்னால் ஓரளவு பொருந்தும், மாற்றம் என்று சொன்னாலும் பொருந்தும், நாலில் ஒரு பங்கு என்று பார்த்தால் சமக் குழுவும் ஆகும். அதை வலிந்து ஒரு பெட்டிக்குள் திணிப்பதில்லை. பட்டை வரைவதோடு நிறுத்திக்கொள்கிறேன். இன்னொன்றும் சொல்ல வேண்டும். வாய்பாடு தெரியாத பிள்ளைக்கு இந்தப் பயிற்சி வாய்பாட்டைக் கற்பிக்காது. வகை சரியாகப் பிரித்து, 84-ஐ 6-ஆல் வகுக்கத் தெரியாமல் நிற்கும் பிள்ளைக்குத் தேவை வேறு மருந்து. இரண்டையும் ஒரே மதிப்பெண்ணில் கலந்துவிட்டால் எது இல்லை என்று நமக்குத் தெரியாது. அதனால்தான் பிரிப்பதற்கு ஒரு பாட வேளை, தீர்ப்பதற்கு மறுநாள் ஒரு வேளை என்று வைத்துக்கொண்டேன். யூ.பி.எஸ்.ஆர். தேர்வு இருந்த நாள்களில் இப்படி ஒரு வேளையை விடையே எழுதாமல் கழிப்பதற்குப் பெற்றோரிடம் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. 2021-இல் அந்தத் தேர்வு நீக்கப்பட்டது. இன்று அந்த வேளை நம் கையில் இருக்கிறது.

ஓர் உறை முடிந்ததும் கடைசியாக ஒரு வேலை தருவேன். அடுத்த குழுவை இடறச் செய்யும் துண்டு ஒன்றை, அதே 84, 6 என்ற எண்களை வைத்து, நீங்களே எழுதுங்கள் என்பேன். எழுதத் தொடங்கியதும் பிள்ளைகள் சொற்களை எடைபோடுவார்கள். எந்தச் சொல்லை வைத்தால் நண்பன் தவறான பக்கம் போவான் என்று யோசிக்கும்போது, அந்தச் சொல் தன்னை எப்படி இழுத்தது என்பதும் பிடிபடுகிறது. பல துண்டுகள் உ-வின் நகலாகவே இருக்கும். அதற்கு நேர் எதிராக ஒரு துண்டை ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி எழுதினாள்:

“பாட்டி கொடுத்த 6 ரிங்கிட்டையும் சேர்த்து என்னிடம் இப்போது 84 ரிங்கிட் இருக்கிறது. பாட்டி வருவதற்கு முன் என்னிடம் எவ்வளவு இருந்தது?”

நம் வகுப்பில் செயலின் பெயரே சேர்த்தல். அந்தச் சொல்லையே நடுவில் வைத்துக் கழிக்கச் சொல்கிறாள். அடுத்த குழு 90 என்றது. அவள் துண்டைத் திருப்பிக் காட்டினாள். முதுகில் ஒரு நீளப் பட்டை, அதன் வலது முனையில் சிறிதாக வெட்டிய ஒரு கூறு, அதற்குக் கீழே சிறிய எழுத்தில், ‘பாட்டி ஏற்கெனவே வந்துவிட்டுப் போய்விட்டார்’. அந்தத் துண்டு இப்போது என் உறையில் ஒன்பதாவதாக இருக்கிறது.